மணிக்கு எவ்வளவு கையில் நிற்கிறது?

செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் கணக்குக் கிராணி. ஆள்குறைப்பில் வேலை போனதும் ஒரே மாதத்தில் மூன்று தொழில் செய்து பார்த்தார். வரவு, செலவு, உழைத்த நேரம் எல்லாம் நோட்டில் ஏறியது. பழக்கதோஷம்!

மோட்டாரில் சாப்பாடு டெலிவரி: எட்டு மணி நேரத்துக்கு 80 ரிங்கிட். பெட்ரோல், டயர் தேய்மானம் என்று 16 ஒதுக்கினால் மணிக்கு 8.

அப்புறம் நாசி லெமாக். 40 பொட்டலம், தலா 2.50. நெத்திலி, தேங்காய்ப்பால், சாமான் எல்லாம் 60. மீதி 40 என்று நினைத்தால், விற்காமல் எட்டுப் பொட்டலம் நின்றுவிடும். சமையலும் விற்பனையும் சேர்த்து ஐந்து மணி நேரம். மணிக்கு வெறும் 4.

மூன்றாவது, பிரிக்பீல்ட்ஸில் இரண்டு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது. கடைக்கு மாதம் 250, பத்து மணி நேர வேலை. மணிக்கு 25! ஆனால் ரசீதுகள் பிஸ்கட் டின்னில் கசங்கிக் கிடக்கும், மை மங்கிவிடும். அதனால் வாங்கிய அன்றே போனில் படம் அனுப்பச் சொல்லிவிட்டார்.

காசு மாதக் கடைசியில்தான் வரும். இரண்டு கடை குடும்பத்துக்குப் போதாது. மூன்றாவது கடை கிடைக்கும்வரை, வெள்ளி, சனி இரவில் மட்டும் டெலிவரிக்குப் போகிறார்.