ரிமாண்ட், சார்ஜ் ஷீட், கமிட்டல்: 90 நாளை எப்படி எண்றது

வீட்ல யாரையாவது போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டா எல்லாரும் கேக்குறது "பெயில் எப்ப கிடைக்கும்"னுதான். அதுக்கு முன்னாடி ரிமாண்ட் ஆன தேதியை, அதாவது மாஜிஸ்ட்ரேட் காவல்ல வைக்கச் சொன்ன தேதியை, காலண்டர்ல சுழிச்சு வைங்க, மிச்ச எல்லாமே அதுல இருந்துதான் ஓடும்.

பண்ருட்டி பக்கம் வரப்புத் தகராறு, அரிவாள் வெட்டு, எதிராளிக்குக் காயம்னு ஒரு கேஸ்னு வச்சுக்குவோம். பையன் பேரு செந்தில், சும்மா வச்ச பேருதான். கொலை முயற்சி, அதாவது குற்றங்களுக்கான சட்டமான பிஎன்எஸ்ஸோட 109வது பிரிவு. 2025 மார்ச் 4 சாயங்காலம் அரெஸ்ட்.

முதல்ல ரிமாண்ட். பயண நேரத்தைக் கழிச்சு 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். செந்திலை மார்ச் 5 நிறுத்துறாங்க, அவரு ரிமாண்ட் பண்ணி கேப்பர் மலை ஜெயிலுக்கு அனுப்புறாரு. ஒரு தடவைக்கு 15 நாள்தான், அதனால 15 நாளுக்கு ஒருதரம் எக்ஸ்டென்ஷன் போடுவாங்க. நம்ம ஆளுங்க இதை வாய்தான்னு நினைச்சுட்டு கோர்ட் வாசல்ல காத்துக்கிட்டு நிப்பாங்க, ஆனா அன்னைக்கு விசாரணை எதுவும் நடக்காது, காவலை நீட்டிக்கிறது மட்டும்தான்.

இப்ப எண்ணுவோம். கிரிமினல் வழக்கு நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸோட 187வது பிரிவின்படி மரண தண்டனை, ஆயுள், இல்ல 10 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வரக்கூடிய குற்றத்துக்கு 90 நாள், மத்ததுக்கு 60 நாள், அதுக்குள்ள போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டாகணும். 109ல காயம் பட்டிருந்தா ஆயுள் வரைக்கும் போகும், அதனால செந்திலுக்கு 90. அரெஸ்ட் ஆன நாள்ல இருந்து எண்ணக் கூடாது, ரிமாண்ட் ஆன நாள்ல இருந்துதான், அந்த நாளையும் சேர்த்து எண்ணணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் மூணு ஜட்ஜ் பெஞ்ச் சொல்லிருக்கு. மார்ச்ல 27 நாள், ஏப்ரல்ல 30, மே 31, ஆக 88. ஜூன் 2 தொண்ணூறாவது நாள். ஜூன் 3 காலைல வரைக்கும் சார்ஜ் ஷீட் வரலன்னா செந்திலுக்கு டீஃபால்ட் பெயில், அதாவது போலீஸ் கெடுவைத் தாண்டுனதால கிடைக்கிற பெயில், கேக்குற உரிமை பொறந்துடுது, குத்தம் எவ்வளவு பெருசுன்னு அங்க பாக்க மாட்டாங்க.

ஆனா உரிமை தானா வந்து ஜெயில் கதவைத் திறக்காது, மனு போடணும், அதுவும் சார்ஜ் ஷீட் வர்றதுக்கு முன்னாடி. ஜூன் 3 காலைல பத்தரைக்கு வக்கீல் மனு கொடுத்துட்டாருன்னா பன்னெண்டு மணிக்கு போலீஸ் சார்ஜ் ஷீட்டோட ஓடி வந்தாலும் உரிமை போகாது, 2020ல ரவீந்திரன் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லிடுச்சு. மனுவே போடாம சும்மா இருந்து, அப்புறம் சார்ஜ் ஷீட் வந்துட்டா போச்சு. செஷன்ஸ் கோர்ட்ல நடக்கப் போற கேஸ்தானேன்னு மாவட்ட கோர்ட்டுக்கு ஓட வேணாம், ரிமாண்ட் பண்ற மாஜிஸ்ட்ரேட்டே இந்த பெயிலைத் தரலாம். இன்னொரு இடத்துலயும் நிறைய பேரு கோட்டை விடுறாங்க: பெயில் ஆர்டர் ஆகி ஷூரிட்டி ஆள் கிடைக்காம, கொடுத்த டயத்தைத் தாண்டி இழுத்தா, அதுக்குள்ள சார்ஜ் ஷீட் வந்து அந்த பெயிலே கைவிட்டுப் போகலாம். அதனால ஜாமீன்தாரரை மே மாசக் கடைசியிலேயே பேசி ரெடியா வைங்க.

அடுத்து சார்ஜ் ஷீட். இது தீர்ப்பு இல்ல, போலீஸோட கதை, அவ்ளோதான். மாஜிஸ்ட்ரேட் அதைக் கோப்புக்கு எடுத்து, அதாவது வழக்கா ஏத்துக்கிட்டு, பி.ஆர்.சிங்கிற பதிவு நம்பர் கொடுப்பாரு. இங்க ஒரு சின்ன குழப்பம், 90 நாளுக்குள்ள ஃபைல் ஆனா போதும், கோப்புக்கு எடுத்த தேதி லேட்டானாலும் டீஃபால்ட் பெயில் கேக்க முடியாது.

செஷன்ஸ் கோர்ட் மட்டுமே விசாரிக்கக்கூடிய குற்றம்கிறதால அடுத்தது கமிட்டல். மாஜிஸ்ட்ரேட் இங்க சாட்சி விசாரிக்க மாட்டாரு, சார்ஜ் ஷீட், மத்த ஆவணங்களோட நகல்களைக் கொடுத்துட்டு கேஸை செஷன்ஸுக்கு அனுப்பி வைப்பாரு. கோப்புக்கு எடுத்ததுல இருந்து 90 நாள்ல முடிக்கணும், காரணம் எழுதி 180 வரைக்கும் போகலாம். குற்றம் சாட்டப்பட்டவங்க நாலு பேரா இருந்து ஒருத்தன் தலைமறைவானா இங்கதான் கேஸ் தூங்கும், அவனைத் தனியா பிரிச்சு மத்தவங்களை அனுப்பச் சொல்லி வக்கீல் கேக்கலாம். நகல் வாங்கறப்ப எண்ணிப் பாத்து கையெழுத்துப் போடுங்க, காயச் சான்றிதழ் இல்லாம வாங்கிட்டுப் போய் பின்னாடி தேடுறவங்க உண்டு.

செஷன்ஸுக்குப் போனதும் எஸ்.சி நம்பர், அதாவது செஷன்ஸ் கேஸ் நம்பர் வரும். கேஸே நிக்காதுன்னு விடுவிப்பு மனு போடணும்னா கமிட்டல் ஆன தேதியில இருந்து 60 நாள். செந்தில் கேஸ் ஆகஸ்ட் 4 கமிட் ஆச்சுன்னா அக்டோபர் 3க்குள்ள போட்டுடணும். அந்த மனு தள்ளுபடி ஆனாலோ, போடாம விட்டாலோ ஜட்ஜ் குற்றச்சாட்டை வாசிச்சு, ஒத்துக்கிறியா இல்லையான்னு கேப்பாரு, "இல்லை"ன்னா சாட்சிக்கு சம்மன் போகும்.