கண்ணாடிக் காம்பை விழுங்கும் போர்ட்ரெய்ட் மங்கல்

மெரினா காற்றில் அத்தையை போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தேன். கண்ணாடியின் மெல்லிய காம்பு பாதியில் கரைந்திருந்தது. எது அருகில், எது தூரத்தில் என்று போன் போடும் ஆழ வரைபடம் படத்தைவிடக் கரடுமுரடானது. காம்பும் முடியிழையும் அதில் விடுபட்டு, பின்னணியோடு மங்கிவிடும்.

போனின் எடிட்டில் போர்ட்ரெய்டை அணைத்து, தெளிவான படத்தைச் சேமியுங்கள். அதை Lightroom செயலியில் திறந்து, பின்னணியை மங்கலாக்கும் Lens Blur போடுங்கள். அப்புறம் நன்றாகப் பெரிதாக்கி, Focus தூரிகையைக் காம்பளவுக்குச் சிறிதாக்கித் தேயுங்கள். கன்னத்துக்கு வெளியே கண்ணாடி வில்லை வழியே தெரியும் கடலை விட்டுவிடுங்கள். அது மங்கலாகவே இருக்கட்டும்.

முடியை இழையிழையாகத் தேய்த்தால் தலையைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். மென்மையான விளிம்புத் தூரிகையால் கொத்தின் அடிப்பகுதியை மட்டும் மீட்டு, மங்கல் அளவையே குறைப்பது நல்லது. பறக்கும் ஒற்றை இழைகள் முழுதாகத் திரும்பாது.