கையெழுத்து வரைவையும் தட்டச்சுப் பிரதியையும் ஒப்பிடுவது எப்படி?

தட்டச்சுப் பிரதியை மட்டும் படித்துப் பார்த்தால் எழுத்துப்பிழை தெரியும், விடுபட்ட வரி தெரியாது. கையால் எழுதிய வரைவில் இப்படி ஒரு ஷரத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"வாடகைதாரர், உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதமின்றி கட்டடத்தில் மாற்றம் செய்யக் கூடாது, உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதமின்றி கட்டடத்தை உள்வாடகைக்கு விடவும் கூடாது."

தட்டச்சு செய்பவர் முதல் 'சம்மதமின்றி' வரை அடித்துவிட்டுத் தாளுக்குத் திரும்பும்போது, கண் இரண்டாவது 'சம்மதமின்றி'யில் போய் விழுகிறது. பிரதியில் வருவது இதுதான்:

"வாடகைதாரர், உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதமின்றி கட்டடத்தை உள்வாடகைக்கு விடவும் கூடாது."

வாக்கியம் சரியாகவே இருக்கிறது. ஆனால் கட்டடத்தை மாற்றக் கூடாது என்ற தடை போய்விட்டது. 'விடவும்' என்பதில் ஒட்டியிருக்கும் 'உம்' மட்டும் முன்னால் ஏதோ இருந்தது என்று காட்டுகிறது. சொற்கள் திரும்பத் திரும்ப வரும் இடமெல்லாம் இந்த ஆபத்து உண்டு.

முதலில் வரைவைத் தயார்செய்யுங்கள். ஓரத்தில் எழுதிய சேர்க்கைகள், அம்புக்குறிகள், அடித்தல்கள், தாளின் பின்பக்கக் குறிப்புகள் எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். அதிகம் விடுபடுவது இவைதான். பக்க எண்களையும் சரிபாருங்கள்.

அடுத்து, இருவராக உட்காருங்கள். ஒருவர் வரைவை உரக்க வாசிக்க, மற்றவர் பிரதியில் சொல்லுக்குச் சொல் விரல் வைத்துத் தொடர வேண்டும். வாசிப்பது எப்போதும் வரைவிலிருந்துதான். அப்போதுதான் பிரதியில் இல்லாத சொல் காதில் விழுந்து விரலை நிறுத்தும். காற்புள்ளி, அடைப்புக்குறி, புதுப் பத்தி ஆகியவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'அல்லது', 'மற்றும்', 'அல்லாத', 'இன்றி' வரும்போது வேகத்தைக் குறையுங்கள். தனியாகச் செய்ய நேர்ந்தால், வரைவை வாசித்துக் கைபேசியில் பதிவுசெய்து, அதைக் கேட்டபடியே பிரதியைத் தொடரலாம்.

எண்களுக்குத் தனிச் சுற்று வேண்டும். 2,350 சதுர அடி 2,530 ஆகிவிட்டால், 'இரண்டாயிரத்து...' என்று ஓட்டி வாசிக்கையில் நழுவிப்போகும். 'இரண்டு, மூன்று, ஐந்து, பூஜ்ஜியம்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். கையெழுத்தில் 1-உம் 7-உம் குழப்பும். எழுத்தால் எழுதிய தொகையோடு பொருத்திப் பாருங்கள். தேதிகளைக் கணக்கிட்டும் பார்க்கலாம்: 11 மாத வாடகை 01.06.2025-இல் தொடங்கினால் 30.04.2026-இல் முடிய வேண்டும். பிரதியில் 30.06.2026 என்றிருந்தால் வரைவைத் திறந்து பாருங்கள். 'பிரிவு 7-இல் கண்டபடி' என்றிருந்தால், பிரதியின் 7-ஆம் பிரிவில் அந்த விஷயம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் ஒரு பிரிவு விடுபட்டால் இதில் பிடிபடும்.

வரைவிலேயே தவறு தெரிந்தால் நீங்களாகத் திருத்தாதீர்கள். ஓரத்தில் கேள்விக்குறியிட்டு, எழுதியவரிடம் கேளுங்கள். பிழை போலத் தோன்றும் சொல் வேண்டுமென்றே எழுதப்பட்டதாகவும் இருக்கலாம்.

திருத்திய பிரதி வந்ததும், திருத்திய சொல்லை மட்டும் பார்த்து விட்டுவிடாமல், அந்தப் பத்தி முழுவதையும் மறுபடி வரைவோடு வாசியுங்கள். ஒரு சொல்லைச் சேர்க்கும்போது பக்கத்துச் சொல் அழிந்துபோவது அடிக்கடி நடப்பது.