சரியான விடையே இல்லாத கணக்குக்கு சூடோ இன்வர்ஸ் என்ன தருது? கையாலயே போட்டுப் பாக்கலாம்

சதுர மேட்ரிக்ஸுக்கு இன்வர்ஸ் கண்டுபிடிக்கிறது எல்லாருக்கும் தெரியும். ஆனா 3 நிரை 2 நிரல்னு நீளமா ஒரு மேட்ரிக்ஸ் வந்துட்டா டிடெர்மினன்ட்டே கிடையாது, அப்புறம் இன்வர்ஸுக்கு எங்க போறது? அந்த இடத்துல தான் சூடோ இன்வர்ஸ் வருது. ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு போனா அது தர்ற நம்பர் என்னன்னே புரியாது, அதனால சின்னதா ஒரு கணக்கை எடுத்து முழுசா போட்டுடலாம்.

ஒரு ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு எடை மாட்டி நீளத்தை அளக்குறோம்னு வச்சுக்கோங்க. எடை இல்லாதப்போ 100 மில்லிமீட்டர், 1 கிலோ மாட்டினா 143, 2 கிலோ மாட்டினா 180. ஸ்பிரிங்கோட சொந்த நீளம் c, ஒரு கிலோவுக்கு அது நீளுறது k. ஹூக் விதிப்படி நீளம் = c + k × எடை. அப்போ மூணு சமன்பாடு வருது:

```
c + 0k = 100
c + 1k = 143
c + 2k = 180
```

முதல் ரெண்டை மட்டும் எடுத்தா c = 100, k = 43. அதை மூணாவதுல போட்டா 186 வரணும், ஆனா நாம அளந்தது 180. தெரியாதது ரெண்டு, சமன்பாடு மூணு, ஸ்கேல்ல படிக்கிறப்போ கொஞ்சம் முன்ன பின்ன ஆகத்தான் செய்யும், அதனால மூணுக்கும் ஒத்துவர்ற c, k உலகத்துலயே இல்ல.

ஸ்டெப் 1: மேட்ரிக்ஸா எழுதுங்க

```
A = [1 0]      b = [100]
    [1 1]          [143]
    [1 2]          [180]
```

A x = b. இதுல x-ங்கிறது c, k ரெண்டும் சேந்தது.

ஸ்டெப் 2: எதைத் தேடுறோம்னு முடிவு பண்ணுங்க

இந்த ஸ்டெப்பை நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க, ஆனா விஷயமே இதுல தான் இருக்கு. c, k-க்கு என்ன நம்பர் போட்டாலும் A x-ங்கிறது A-வோட ரெண்டு நிரலையும் கலந்து வர்றது தான். முப்பரிமாண வெளியில அந்தக் கலவை எல்லாம் சேந்து ஒரே ஒரு தளம். நம்ம b அந்தத் தளத்துக்கு வெளிய நிக்குது, அதனால தான் விடை இல்ல. சரி, b-யைத் தொட முடியலன்னா தளத்துல b-க்கு ரொம்பப் பக்கத்துல இருக்குற புள்ளியைப் பிடிப்போம், அது b-ல இருந்து தளத்துக்குச் செங்குத்தா கோடு இறக்கினா அது வந்து விழற இடம். செங்குத்துன்னா மிச்சம், அதாவது b − A x, ரெண்டு நிரலுக்கும் செங்குத்தா இருக்கணும். அதை ஒரே வரியில இப்படி எழுதலாம்:

```
Aᵀ(b − A x) = 0
x = (AᵀA)⁻¹ Aᵀ b
```

ரெண்டாவது வரியில b-க்கு முன்னாடி இருக்குற (AᵀA)⁻¹Aᵀ தான் சூடோ இன்வர்ஸ், A⁺னு எழுதுவாங்க. லீஸ்ட் ஸ்கொயர்ஸ்னு சொல்றதும் இதே புள்ளியைத் தான், ஏன்னா தூரம் குறைச்சல்னா மிச்சங்களோட வர்க்கத்தைக் கூட்டினதும் குறைச்சல்.

ஸ்டெப் 3: கணக்கைப் போடுங்க

AᵀA போட்டா 2×2 சதுர மேட்ரிக்ஸ் வரும், அதோட டிடெர்மினன்ட் 3×5 − 3×3 = 6, அதனால இன்வர்ஸ் தாராளமா இருக்கு.

```
AᵀA = [3 3]    A⁺ = 1/6 × [ 5 2 -1]
      [3 5]               [-3 0  3]
```

இப்போ b-யைப் பெருக்குங்க. c = (500 + 286 − 180)/6 = 101. k = (−300 + 0 + 540)/6 = 40.

ஸ்டெப் 4: சரியான்னு பாருங்க

101, 40 வச்சு திரும்பப் போட்டா நீளம் 101, 141, 181 வருது. மிச்சம் −1, 2, −1. ஒரு அளவுகூட அப்படியே பொருந்தல, அதைப் பாத்து பயப்பட வேண்டாம். மிச்சத்தைக் கூட்டினா 0, எடையோட பெருக்கிக் கூட்டினா 0×(−1) + 1×2 + 2×(−1), அதுவும் 0. ரெண்டு நிரலுக்கும் செங்குத்து, அப்போ கணக்கு சரி. இந்தச் சோதனையை எப்பவும் பண்ணுங்க, பெருக்கல்ல எங்கயாச்சும் தப்பு பண்ணியிருந்தா இங்க பூஜ்யம் வராது. வர்க்கங்களோட கூட்டல் 1 + 4 + 1 = 6. முதலும் கடைசியும் மட்டும் பொருந்துற மாதிரி 100, 40-னு வச்சா மிச்சம் 0, 3, 0, வர்க்கம் 9. முதல் ரெண்டு அளவை மட்டும் நம்பின 100, 43-க்கு 36.

கம்ப்யூட்டர்ல:

```python
import numpy as np
A = np.array([[1, 0], [1, 1], [1, 2]])
b = np.array([100, 143, 180])
x = np.linalg.pinv(A) @ b
print(x, b - A @ x)
```

இன்னொண்ணு, A⁺A போட்டா ஒழுங்கா அலகு மேட்ரிக்ஸ் வரும், ஆனா திருப்பி A A⁺ போட்டா வராது, அது b-யை தளத்துல இறக்கி விடுற 3×3 மேட்ரிக்ஸ். பேர்ல சூடோன்னு ஒட்டிக்கிட்டு இருக்குறது இதனால தான்.

ஃபார்முலா படுத்துக்குற இடம்

மூணு தடவையும் 1 கிலோவையே மாட்டி அளந்தீங்க, 140, 143, 143 வந்துச்சுன்னு வைங்க. A-வோட ரெண்டு நிரலும் 1, 1, 1. AᵀA-வோட டிடெர்மினன்ட் 0, ஸ்டெப் 3-ல இன்வர்ஸே இல்ல. ஆனா pinv ஃபங்ஷன் எர்ரர் எதுவும் காட்டாம ஒரு விடையை நீட்டும், ஏன்னா அது இந்த ஃபார்முலாவை யூஸ் பண்றதில்ல, சிங்குலர் வேல்யூ வழியா போகுது. பூஜ்யமா இல்லாத சிங்குலர் வேல்யூவை மட்டும் தலைகீழாக்கும், பூஜ்யத்தை அப்படியே விட்டுடும். ரோஜர் பென்ரோஸ் 1955-ல வெளியிட்ட நாலு நிபந்தனையையும் ஒத்துப்போற மேட்ரிக்ஸ் எந்த A-க்கும் ஒண்ணே ஒண்ணு தான் உண்டு, அதைத்தான் அது தருது.

நம்ம கேஸ்ல வர்ற விடை c = 71, k = 71. மூணு அளவோட சராசரி 142, அதனால c + k = 142 ஆகுற எந்த ஜோடியும் ஒரே அளவுக்கு நல்ல விடை தான், அந்தக் கூட்டத்துல c² + k² எதுல ரொம்பக் குறைச்சலோ அதை சூடோ இன்வர்ஸ் எடுத்துக்கும். கணிதத்துக்கு அது நியாயம். ஸ்பிரிங்குக்கு அது பொய், 100 மில்லிமீட்டர் ஸ்பிரிங்கை 71னு சொல்லுது. அதனால விடையை நம்புறதுக்கு முன்னாடி `np.linalg.matrix_rank(A)` போட்டுப் பாருங்க, நிரல்களோட எண்ணிக்கையை விட கம்மியா வந்தா உங்க டேட்டாவால c-யையும் k-யையும் பிரிச்சு சொல்ல முடியலன்னு அர்த்தம், வேற வேற எடையில அளந்துட்டு வரணும்.

ரேங்க் சரியா இருந்தும் ஏமாத்துற இடம்

180-ஐ டைப் பண்றப்போ 810னு போட்டுட்டீங்கன்னா? அதே A⁺ வச்சு c = (500 + 286 − 810)/6 = −4, k = (−300 + 2430)/6 = 355. நீளம் மைனஸ்ல இருக்குற ஸ்பிரிங், அதைப் பாத்தாலே சந்தேகம் வந்துடும். ஆனா எது தப்புன்னு மிச்சத்தை வச்சுத் தேடினா 104, −208, 104னு இருக்கும், பெரிய மிச்சம் சரியா அளந்த நடு அளவுல உக்காந்திருக்கு! தப்பான 810 ஓரத்துல இருக்கு, வர்க்கம் போடுறதால அதோட தூரத்துக்கு ரொம்ப வெயிட் கிடைச்சு கோட்டையே தன் பக்கம் இழுத்துக்கிச்சு. அதனால பெரிய மிச்சம் இருக்குற அளவைத் தூக்கிப் போட்டுட்டு திரும்ப ஓட்டாதீங்க, முதல்ல எடையையும் நீளத்தையும் ஒரு பேப்பர்ல புள்ளியா வச்சுப் பாருங்க, 810 எங்க நிக்குதுன்னு பாத்ததுமே தெரியும்.