‘45 சதவீதம் குறைத்துவிட்டோம்’: ஒரு நிறுவனத்தின் கார்பன் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

பெரிய நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கைகள் பெரும்பாலும் நூறு பக்கத்தைத் தாண்டிவிடும். எரிசக்தி, தண்ணீர், கழிவு, பணியாளர் பாதுகாப்பு, நிர்வாகம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு அத்தியாயம் இருக்கும். இதை முதல் பக்கத்திலிருந்து படித்து விமர்சனம் எழுத உட்காரும் மாணவர்கள் பலர், ‘நிறுவனம் நன்றாகச் செயல்பட்டாலும் இன்னும் மேம்பட வேண்டும்’ என்ற வரியில் போய் நின்றுவிடுகிறார்கள். ஒரே ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு அதன் கணக்கை அடி வரை பார்ப்பதுதான் நல்ல வழி. இங்கே கார்பன் உமிழ்வை எடுத்துக்கொள்வோம். மற்ற குறியீடுகளை விட இதற்குத்தான் கணக்கு விதிகள் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் வெளியில் இருப்பவரும் சரிபார்க்க முடியும்.

பயிற்சிக்காக ஒரு கற்பனை உற்பத்தி நிறுவனத்தை வைத்துக்கொள்கிறேன். எண்களும் நானே அமைத்தவைதான். ஆனால் இந்த எண்களின் போக்கை உண்மையான அறிக்கைகளிலும் பார்க்கலாம்.

படி 1: கூற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

நம் நிறுவனத்தின் அறிக்கை முன்பக்கத்தில் இப்படிச் சொல்கிறது: “2019ஐ விட 2024இல் எங்கள் செயல்பாடுகளின் கார்பன் உமிழ்வு 45 சதவீதம் குறைந்துள்ளது.”

இதில் மூன்று இடங்களில் நிற்க வேண்டும். ‘செயல்பாடுகளின்’ என்றால் எது எதெல்லாம் சேர்த்தி? ‘குறைந்துள்ளது’ என்பது மொத்த அளவா, ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு என்ற விகிதமா? ‘2019’ ஏன் அடிப்படை ஆண்டு? இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். முன்பக்கத்தின் படங்களும் தலைவரின் கடிதமும் இப்போதைக்குத் தேவையில்லை.

படி 2: பின்னாலிருந்து தேடுங்கள்

விவரமான எண்கள் பெரும்பாலும் அறிக்கையின் கடைசிப் பகுதியில், தரவு அட்டவணையில் இருக்கும். சில நிறுவனங்கள் அதைத் தனிக் கோப்பாகவும் வெளியிடும். அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், கோப்பைத் திறந்து இந்தச் சொற்களைத் தேடுங்கள்:

```
Scope 2
location-based
market-based
restated
assurance
```

நிலைத்தன்மை அறிக்கைகளுக்கான ஜிஆர்ஐ தரநிலையைப் பின்பற்றும் அறிக்கையாக இருந்தால் கடைசியில் ஓர் உள்ளடக்க அட்டவணை இருக்கும். அதில் கார்பன் உமிழ்வுக்கான `305-1`, `305-2`, `305-3` என்ற எண்களுக்கு எதிரே கொடுத்திருக்கும் பக்கங்களுக்கு நேரே போய்விடலாம். எண் இருந்தும் பக்கம் இல்லாவிட்டால், அல்லது பக்கத்தில் வெறும் வாசகம் மட்டும் இருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கார்பன் கணக்குக்கு உலகம் முழுவதும் பெரிதும் பயன்படுவது ‘ஜிஎச்ஜி புரோட்டோகால்’ என்ற விதித்தொகுப்பு. அதன்படி உமிழ்வு மூன்று வகை. நிறுவனம் தன் கொதிகலனிலும் வாகனத்திலும் தானே எரிப்பது ஸ்கோப் 1. விலைக்கு வாங்கும் மின்சாரத்துக்காக வேறொரு மின்நிலையத்தில் எரிக்கப்படுவது ஸ்கோப் 2. வாங்கும் மூலப்பொருள், சரக்குப் போக்குவரத்து, விற்ற பொருளின் பயன்பாடு என்று மற்ற எல்லாம் ஸ்கோப் 3. இதில் 15 பிரிவுகள் உண்டு. நம் நிறுவனத்தின் ‘செயல்பாடுகள்’ என்பது ஸ்கோப் 1ம் 2ம் மட்டும்தான் என்று ஓர் அடிக்குறிப்பு சொல்கிறது.

படி 3: மின்சாரத்துக்கு இருக்கும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். பெரிய சதவீதக் குறைப்புகள் பல இந்த இடத்தில்தான் உருவாகின்றன.

ஸ்கோப் 2ஐக் கணக்கிட இரண்டு முறைகள் இருக்கின்றன. முதல் முறையில், ஆலை இருக்கும் பகுதியின் மின்கட்டமைப்பு சராசரியாக ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன் வெளியிடுகிறதோ அதைக் கொண்டு பெருக்குவார்கள். இது இட அடிப்படை. இரண்டாவது முறையில், நிறுவனம் எந்த மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, இவ்வளவு மின்சாரம் காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து உற்பத்தியானது என்று காட்டும் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ் எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று பார்த்து, அந்த அளவு மின்சாரத்தின் உமிழ்வைப் பூஜ்யமாக எழுதுவார்கள். இது சந்தை அடிப்படை. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களும் சான்றிதழ்களும் புழங்கும் சந்தைகளில் இயங்கும் நிறுவனம் இரண்டு எண்களையும் வெளியிட வேண்டும் என்று 2015இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி சொல்கிறது. ஆனால் முன்பக்கத்தில் எதைப் போடுவது என்பது நிறுவனத்தின் விருப்பம்.

இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்க முடியும்? மெட்டா நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் சந்தை அடிப்படை ஸ்கோப் 2 உமிழ்வு 273 டன். அதே ஆண்டில் இட அடிப்படையில் பார்த்தால், டேட்டா சென்டர்களுக்கு மட்டுமே 38 லட்சம் டன்னுக்கு மேல். இரண்டுமே விதிப்படி சரியான எண்கள். நிறுவனமே வெளியிட்ட தரவிலிருந்து வருபவை. அதனால் ‘பொய் சொல்கிறார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். எந்த எண்ணை வைத்து எந்தக் கூற்றைச் சொல்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி.

படி 4: நீங்களே கணக்குப் போடுங்கள்

நம் கற்பனை நிறுவனத்தின் அட்டவணை இது:

```
                            2019       2024
ஸ்கோப் 1 (டன்)              40,000     43,000
ஸ்கோப் 2, சந்தை (டன்)        60,000     12,000
ஸ்கோப் 2, இடம் (டன்)         60,000     66,000
மின்சாரம் (மெகாவாட் மணி)      80,000   1,00,000
உற்பத்தி (டன்)             2,00,000   2,50,000
```

சந்தை அடிப்படையில் கூட்டினால் 1,00,000 டன், 55,000 டன்னாக இறங்கியிருக்கிறது. 45 சதவீதம் சரிதான். இட அடிப்படையில் கூட்டினால் 1,00,000 டன், 1,09,000 டன்னாக ஏறியிருக்கிறது, அதாவது 9 சதவீதம் கூடுதல். முன்பக்கத்தில் குறைந்த உமிழ்வு, கட்டமைப்பின் சராசரியை வைத்துப் பார்த்தால் கூடியிருக்கிறது.

இதோடு நிறுத்தினால் விமர்சனம் பாதிதான். உற்பத்தியும் 25 சதவீதம் வளர்ந்திருக்கிறதே, உமிழ்வு கொஞ்சம் கூடத்தானே செய்யும் என்று நிறுவனம் பதில் சொல்லலாம். அது நியாயமான பதில். அதனால் ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

```
மின்சாரம்:  80,000 ÷ 2,00,000 = 0.4    1,00,000 ÷ 2,50,000 = 0.4
ஸ்கோப் 1:   40,000 ÷ 2,00,000 = 0.2    43,000 ÷ 2,50,000 = 0.172
```

ஒரு டன் பொருள் செய்ய 2019இல் ஆன அதே மின்சாரம்தான் 2024லும் ஆகியிருக்கிறது. மின் சிக்கனத்தில் ஐந்து ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லை. மின்கட்டமைப்பு மட்டும் கொஞ்சம் சுத்தமாகியிருக்கிறது: 60,000ஐ 80,000ஆல் வகுத்தால் 0.75, 66,000ஐ 1,00,000ஆல் வகுத்தால் 0.66. அதில் நிறுவனத்தின் பங்கு பெரிதாக இருக்காது. மீதி இறக்கம், அதாவது 66,000க்கும் 12,000க்கும் இடையிலான 54,000 டன், ஒப்பந்தங்களாலும் சான்றிதழ்களாலும் வந்தது.

ஆனால் ஸ்கோப் 1ஐப் பாருங்கள். ஒரு டன்னுக்கு 0.2 என்பது 0.172 ஆகியிருக்கிறது, 14 சதவீதக் குறைவு. இது ஆலைக்குள் நடந்த உண்மையான மாற்றமாக இருக்கலாம். விமர்சனத்தில் இதைக் கட்டாயம் எழுதுங்கள். கூடவே ஒரு சந்தேகத்தையும் கேளுங்கள்: எரிபொருள் அதிகம் தேவைப்படும் வேலை எதையாவது வெளியாளிடம் கொடுத்துவிட்டார்களா? அப்படியானால் அந்த உமிழ்வு மறையவில்லை, ஸ்கோப் 3க்கு இடம் மாறியிருக்கிறது.

அப்புறம் சான்றிதழ்களின் தரம். ஒரு புதிய காற்றாலை அல்லது சூரிய மின்நிலையம் எழும்புவதற்கே காரணமாக இருந்த நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் ஒரு வகை. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் நீர்மின் நிலையத்தின் சான்றிதழை மட்டும் தனியாக வாங்குவது இன்னொரு வகை; நிறுவனம் வாங்காவிட்டாலும் அந்த நிலையம் ஓடத்தான் போகிறது. சந்தை அடிப்படைக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்தான். எந்த வகை, எந்தப் பகுதி, எந்த ஆண்டு என்று அறிக்கை சொல்கிறதா என்று தேடுங்கள். சொல்லாவிட்டால் அந்த 54,000 டன்னின் மதிப்பை வெளியிலிருந்து யாராலும் எடைபோட முடியாது.

படி 5: கூற்றுக்கு வெளியே எவ்வளவு இருக்கிறது?

2024க்கான ஸ்கோப் 3 எண் 8,20,000 டன் என்று அறிக்கையின் தரவு அட்டவணையில், நான் மேலே கொடுக்காத கடைசி வரியில் இருக்கிறது. ஸ்கோப் 1, 2இன் 55,000 டன்னையும் சேர்த்தால் மொத்தம் 8,75,000. அப்படியென்றால் முன்பக்கக் கூற்று பேசுவது மொத்த உமிழ்வில் ஏறக்குறைய 6 சதவீதத்தைப் பற்றி மட்டும்.

2019க்கான ஸ்கோப் 3 எண் வெறும் 2,000 டன். நானூறு மடங்கு ஏறிவிட்டது என்று எழுதிவிட வேண்டாம். 2019இல் பணிப் பயணத்தை மட்டும் கணக்கிட்டிருக்கிறார்கள், 2024இல் மூலப்பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிடவே முடியாது. ஸ்கோப் 3இல் இன்னொரு சிக்கல், பல நிறுவனங்கள் செலவழித்த பணத்தை ஒரு சராசரி எண்ணால் பெருக்கித்தான் இதைக் கணிக்கின்றன. அந்த முறையில் மூலப்பொருள் விலை இறங்கினாலே உமிழ்வும் இறங்கியதுபோலத் தெரியும். கணக்கிட்ட முறை என்ன என்பதைக் குறிப்புகளில் பாருங்கள்.

படி 6: அடிப்படை ஆண்டும் சான்றுரையும்

இடையில் ஓர் ஆலையை விற்றிருந்தால், அதன் உமிழ்வை அடிப்படை ஆண்டிலிருந்தும் கழித்துக் கணக்கைத் திருத்த வேண்டும் என்பது விதி. `restated` என்ற சொல்லைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். பழைய அறிக்கையை எடுத்து, அதில் 2019க்கு என்ன எண் இருந்தது என்று ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் காரணம் சொல்லியிருக்க வேண்டும்.

வெளித் தணிக்கையாளரின் சான்றுரை இருந்தால் இரண்டைப் பாருங்கள்: எந்தெந்த எண்களுக்கு, எந்த அளவு உறுதி. ‘limited assurance’ என்று இருந்தால் குறைந்த அளவு சோதனைதான் நடந்திருக்கிறது. தவறு எதுவும் கண்ணில் படவில்லை என்று மட்டுமே அவர்கள் சொல்கிறார்கள். நம் நிறுவனத்தில் ஸ்கோப் 1, 2க்கு மட்டும் அந்தச் சான்று. 8,20,000 டன்னுக்கு எந்தச் சான்றும் இல்லை.

படி 7: எழுதுங்கள்

ஒவ்வொரு வரியிலும் எண்ணும் பக்கமும் இருக்கட்டும். கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனியே வையுங்கள். நம் நிறுவனத்துக்கு இப்படி எழுதலாம்:

“45 சதவீதக் குறைப்பு ஸ்கோப் 1, 2க்கு, சந்தை அடிப்படையில் மட்டுமே பொருந்துகிறது (பக். 96). இட அடிப்படையில் உமிழ்வு 9 சதவீதம் கூடியுள்ளது. ஒரு டன் உற்பத்திக்கான மின் பயன்பாடு மாறவில்லை. ஸ்கோப் 1இல் ஒரு டன்னுக்கு 14 சதவீதக் குறைவு தெரிகிறது; இது வேலையை வெளியே கொடுத்ததால் வந்ததா என்பதை அறிக்கையிலிருந்து அறிய முடியவில்லை. மொத்த உமிழ்வில் சுமார் 94 சதவீதம் இந்தக் கூற்றுக்கு வெளியே உள்ளது. வாங்கிய சான்றிதழ்களின் வகை, பகுதி, ஆண்டு குறிப்பிடப்படவில்லை.”

பெரும்பாலான அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் தொடர்புக்கான மின்னஞ்சல் இருக்கும். சான்றிதழ்களைப் பற்றிய அந்தக் கேள்வியை அதற்கு அனுப்புங்கள். பதில் வந்தால் விமர்சனத்தில் சேருங்கள். வராவிட்டால், கேள்வி அனுப்பிய தேதியைச் சேருங்கள்.