விடுமுறைச் செய்தியில் 'நாளை மறுநாள்' வேண்டாம்

நிலாவெளியில் எங்களுடைய படகுப் பதிவு மேசைக்குப் புதிதாக வந்த தம்பி, லீவில் போகுமுன் தானியங்கிப் பதில் எழுதிக் காட்டினார். "நாளை மறுநாள் வரை இல்லை, அடுத்த திங்கள் வருவேன்." நானும் ஒருகாலத்தில் இதையேதான் எழுதினேன்.

'நாளை மறுநாள்', 'அடுத்த திங்கள்'

2025 ஆகஸ்ட் 6 புதன் மாலை நான் அதை எழுதினேன். என் கணக்கில் நாளை மறுநாள் 8ஆம் திகதி வெள்ளி, போயா நாள். அதோடு சனி ஞாயிறும் போக, 11 திங்கள் வேலைக்கு வருவேன். எனக்கு அதில் குழப்பமே இல்லை.

13 புதன் புறாத்தீவுக்குப் போக 12 பேருக்கு இடம் கேட்டு ஒருவர் 10 ஞாயிறு இரவு மின்னஞ்சல் போட்டார். உடனே என் பதில் அவருக்குப் போனது, ஞாயிறு திகதியோடு. அன்று வாசிப்பவருக்கு நாளை மறுநாள் என்றால் 12 செவ்வாய். மறுநாளே வருகிற திங்களை யாரும் 'அடுத்த திங்கள்' என்று சொல்லமாட்டார்கள், 'நாளைக்கு' என்பார்கள். ஆகவே அவர் 18 என்று எடுத்துக்கொண்டார், அதில் ஒரு பிழையும் இல்லை. நான் திங்கள் காலை வந்து பதில் எழுதியபோது வேறு படகுக்காரரிடம் முற்பணம் கட்டிவிட்டிருந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் படகும் இருந்தது, நானும் இருந்தேன்.

கடிதம் எழுதிய நாளிலேயே போய்விடும். தானியங்கிப் பதில் அப்படியில்லை, ஒருநாள் எழுதியது ஐந்து நாளும் புதுத் திகதியோடு போய்க்கொண்டே இருக்கும். 'வாற கிழமை', 'இன்று மாலை' எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

என்னுடைய அந்த லீவுத் திகதிகளையே வைத்துத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த மாதிரி இது:

"2025 ஆகஸ்ட் 7 வியாழன் முதல் 10 ஞாயிறு வரை, ஞாயிறும் சேர்த்து, விடுமுறை. ஆகஸ்ட் 11 திங்கள் காலை 9.00 மணிக்கு, இலங்கை நேரம், பதில் தருவேன்."

திகதியோடு கிழமையையும் போடுவது ஒரு காவல். கை தவறி 12 திங்கள் என்று அடித்துவிட்டால், இரண்டும் பொருந்தவில்லை என்று வாசிப்பவர் கண்டுபிடித்துக் கேட்பார். வெறும் 12 என்றால் நம்பிவிடுவார்.

'ஞாயிறு வரை'

ஞாயிறு உள்ளேயா வெளியேயா? திரும்பும் நாளைத் தனியாக எழுதினால் இந்தக் கேள்வியே வராது.

08/11

கனடாக்காரர் ஒருவருக்கு ஆகஸ்ட் 11, எங்களுக்கு நவம்பர் 8. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

எந்த ஊர் நேரம்?

நம் ஊரில் 11 திங்கள் காலை 9 மணி என்றால், டொராண்டோவில் இன்னும் 10 ஞாயிறு இரவு 11.30. நேரம் மட்டுமில்லை, கிழமையே மாறிவிடுகிறது. அங்கே உள்ளவர்கள்தான் ஆகஸ்ட் லீவுக்கு இங்கே வருகிறார்கள்.

இரவு 12 மணி

அது எந்த நாளின் இரவு என்று குழப்பம் வரும், எழுதவே வேண்டாம். நாளைச் சொல்லி இரவு 11.59 என்று எழுதுங்கள்.