முதல் கன்டெய்னர் கிளம்பும் முன்: ஹைட்ரோஸுக்கு எஸ்.டி.எஸ். கேட்பதில் நடக்கும் தவறுகள்

வெளிநாட்டிலிருந்து முதல்முறையாக ரசாயனம் வாங்குபவர்கள் பெரும்பாலும் விலை, தரம், டெலிவரி மூன்றையும் முடித்த பிறகுதான் பாதுகாப்புத் தரவுத் தாளை, அதாவது எஸ்.டி.எஸ்.ஸை, நினைக்கிறார்கள். கிளியரிங் ஏஜென்ட் கேட்கும்போது சப்ளையருக்கு ஒரு வரி அனுப்பினால் ஏதோ ஒரு பி.டி.எஃப். வந்துவிடுகிறது. அந்தத் தாள் யாருடையது, நாம் வாங்கிய சரக்குக்கானதுதானா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டை எடுத்துக்கொள்வோம். சோடியம் டைதயோனைட் என்பதும் இதுதான். வெள்ளைத் தூள், 50 கிலோ இரும்பு டிரம்களில் வரும். மணலியிலோ மாதவரத்திலோ குடோன் வைத்திருக்கும் ஒருவர், சீனாவிலிருந்து ஒரு 20 அடி கன்டெய்னரில் 360 டிரம், அதாவது 18 டன், முதல்முறையாக இறக்குகிறார் என்று வையுங்கள்.

முதல் தவறு, சரக்கு கப்பலேறிய பிறகு கேட்பது. 1989-ன் அபாயகர ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு மற்றும் இறக்குமதி விதிகளில் விதி 18 இதற்காகவே இருக்கிறது. அந்த விதிகளின் கீழ் அபாயகரமானதாக வரும் ரசாயனத்தை இறக்குமதி செய்பவர், பெறுபவரின் பெயர் முகவரி, துறைமுகம், போக்குவரத்து முறை, அளவு, முழுமையான பாதுகாப்புத் தகவல் ஆகியவற்றை 30 நாளுக்கு முன்போ, முடிந்த அளவு முன்கூட்டியோ, எப்படியும் இறக்குமதி நாளைத் தாண்டாமலோ உரிய அதிகாரிகளுக்குத் தர வேண்டும். சீனத் துறைமுகத்திலிருந்து சென்னைக்கோ காட்டுப்பள்ளிக்கோ கப்பல் வர மூன்று வாரம்போல ஆகும். கப்பல் கிளம்பிய பின் தாளைக் கேட்டால் அந்த 30 நாள் கணக்கு அப்போதே போய்விட்டது. நம் சரக்கு அந்த விதிகளின் அட்டவணை 1-க்குள் வருகிறதா என்று பார்ப்பதற்கும் அதே தாள்தான் வேண்டும். ஆகவே அட்வான்ஸ் கட்டும் முன் கேளுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே 'எஸ்.டி.எஸ். வந்து நாங்கள் ஒப்புக்கொண்ட பிறகே கன்டெய்னர் புக்கிங்' என்று ஒரு வரி போடுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்கும் தாளுக்கு வரும் பதில் மெதுவாகத்தான் வரும்.

இரண்டாவது தவறு, எஸ்.டி.எஸ்.ஸின் பழைய பெயரை வைத்து 'ஹைட்ரோஸ் எம்.எஸ்.டி.எஸ். அனுப்பவும்' என்று மொட்டையாகக் கேட்பது. நடுவில் இருக்கும் டிரேடர் இணையத்தில் கிடைக்கும் ஆய்வகச் சரக்குத் தாள் ஒன்றை எடுத்து அனுப்பிவிடுவார். கேட்கும்போது ரசாயனப் பெயர், அந்த ரசாயனத்துக்கே உரிய பதிவு எண்ணான சி.ஏ.எஸ். எண் 7775-14-6, சதவீதம், பேக்கிங், தயாரிப்பாளர் பெயர் எல்லாம் சொல்ல வேண்டும். ஹைட்ரோஸ் 85, 88, 90 சதவீதத்தில் விற்கிறது, மீதி சோடா சாம்பல், சல்ஃபைட் போன்றவை. தாளின் 3-ஆம் பகுதியில் இருக்கும் சதவீதம் உங்கள் ஆர்டரோடு ஒத்துப்போக வேண்டும். 1-ஆம் பகுதியில் தயாரிப்பாளர் பெயரும் அவசர எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்கு இந்திய நேரம் இரவு 10 மணிக்கு ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள். ஆபீஸ் நேரத்தில் மட்டும் எடுக்கும் எண் விபத்து நாளில் உதவாது. திருத்திய தேதி இல்லாத தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது போக்குவரத்துத் தகவல் இருக்கும் 14-ஆம் பகுதி. அவசரத்தில் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். ஹைட்ரோஸுக்கு அங்கே அபாயச் சரக்கின் ஐ.நா. எண்ணாக யு.என். 1384, அபாய வகுப்பு 4.2, நடுத்தர அபாயத்தைக் குறிக்கும் பேக்கிங் குழு II என்று இருக்க வேண்டும். 4.2 என்றால் தானாகச் சூடேறிப் பற்றக்கூடிய பொருள். 'கட்டுப்பாடு இல்லை' என்றோ வெற்றிடமாகவோ இருந்தால், அபாயச் சரக்குக் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைக்கும் சப்ளையர் என்று சந்தேகப்படலாம். எஸ்.டி.எஸ்., கப்பல் கம்பெனிக்குத் தரும் அபாயச் சரக்கு அறிவிப்பு, டிரம் லேபிள் மூன்றிலும் ஒரே எண் வர வேண்டும். ஒன்று மாறினாலும் சரக்கு யார்டிலேயே நிற்கும், வாடகை நம் தலையில் ஏறும். சரக்கு யார்டில் சிக்கினால் எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்கு மணலி ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. 2015-ல் சுங்கத்துறை பிடித்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், பெய்ரூட் வெடிப்பு நடந்த 2020 ஆகஸ்ட் வரை அங்கேயே இருந்தது.

டிரம்மின் போட்டோவையும் கேளுங்கள். யு.என். சின்னத்துக்குப் பக்கத்தில் `1A2/Y55/S` என்பது போல ஒரு குறி அச்சாகியிருக்கும். `1A2` என்றால் மூடி கழலும் இரும்பு டிரம், `Y` பேக்கிங் குழு II-க்குப் போதும், `S` திடப்பொருள். நடுவிலுள்ள 55, மொத்த எடை 55 கிலோ வரைதான் தாங்கும் என்று அர்த்தம். சரக்கு 50 கிலோ, டிரம்மும் உள்பையும் 3 கிலோ என்றால் 53, சரி. அங்கே 50 என்று இருந்தால் அந்த டிரம் இந்தச் சரக்குக்கு ஆகாது.

பெரிய தவறு இன்னொன்று உண்டு. எஸ்.டி.எஸ். வந்துவிட்டதால் கையாளும் முறையும் வந்துவிட்டது என்று நினைப்பது. 7-ஆம் பகுதியில் 'உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று இரண்டு வரி இருக்கும். மணலி புதுநகர்ப் பக்கம் குடோன் வைத்திருப்பவருக்கு அது எதற்கு ஆகும்? 2015-லும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் உள்ளே வந்த பகுதி அது. ஹைட்ரோஸுக்குக் கொஞ்சம் தண்ணீர்தான் ஆபத்து. ஈரம் பட்டால் சூடேறும், கந்தக டை ஆக்சைடு வரும், பற்றவும் செய்யும். மே மாத வெயிலில் மூடிய கன்டெய்னருக்குள் 50 டிகிரி தாண்டலாம். ஆகவே சப்ளையரிடம் தனியாகக் கேள்விகள் அனுப்புங்கள்: 50 கிலோ டிரம்மில் எந்த வெப்பத்தில் தானாகச் சூடேற ஆரம்பிக்கும்? எத்தனை அடுக்கு வரை அடுக்கலாம்? திறந்த டிரம்மை மறுபடி எப்படி மூடுவது? நனைந்த டிரம்மை உள்ளே விடலாமா? தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பேலட் போடுவது என்பதை மட்டும் உங்கள் குடோனில் முன்பு ஏறிய தண்ணீரின் அளவை வைத்து நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

தீயைப் பற்றிய கேள்வியை அழுத்திக் கேளுங்கள். 5-ஆம் பகுதி தாளுக்குத் தாள் மாறும். சில தாள்கள் 'தண்ணீர் கூடாது, உலர்மணல் போடு' என்று சொல்லும். ஆனால் ஹைட்ரோஸ் எரிய வெளிக்காற்று தேவையில்லை, மூடி அணைக்கும் வழி அதனிடம் செல்லாது. வட அமெரிக்க அவசரகால வழிகாட்டி, ஏராளமான தண்ணீரைக் கொட்டி வினையை நிறுத்தலாம் என்கிறது. வாளித் தண்ணீர் தீயை வளர்க்கும், வெள்ளமாய் அடிக்கும் தண்ணீர் அடக்கும். இந்த முரணைத் தயாரிப்பாளரின் தொழில்நுட்ப ஆளிடம் எழுத்தில் தீர்த்துக்கொண்டு, அந்தப் பதிலோடு பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் யு.என். எண்ணையும் டிரம் எண்ணிக்கையையும் சொல்லி வையுங்கள்.

லாரிக்கும் இதே தகவல் போக வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 129 முதல் 137 வரை அபாயச் சரக்கு வண்டிகளுக்கானவை. டிரைவரின் கேபினில் வழியில் விபத்து நடந்தால் என்ன செய்வது என்று சொல்லும் டிரெம் கார்டு இருக்க வேண்டும், அதை அவர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் கொடுங்கள். துறைமுகத்திலிருந்து மணலிக்கு ஒரு மணி நேர ஓட்டம்தானே என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசை நின்றால் அந்த ஒரு மணி நேரம் அரை நாளாகும்.

குடோனில் ஒட்டும் தாள் தமிழில் ஒரே பக்கமாக, ஏற்றி இறக்குபவர்கள் நிற்கும் இடத்தில் இருக்கட்டும். எஸ்.டி.எஸ்.ஸின் பதினாறு பகுதியும் பீரோவுக்குள் இருந்தால் இரவு ஷிப்டுக்குச் சாவி கிடைக்காது. அடுத்த ஆர்டரில் தயாரிப்பாளரோ சதவீதமோ மாறினால் பழைய தாளைத் தூக்கிவிட்டு, கேள்விகளை முதலிலிருந்து அனுப்புங்கள்.